பெட்ரோல் பைக், கரண்ட் பைக்: கிலோமீட்டருக்கு உண்மையில் எத்தனை காசு?

ஷோரூமில் "கிலோமீட்டருக்கு 25 காசுதான்" என்பார்கள். கரண்டுக்கு மட்டும் கணக்குப் போட்டால் அது பொய்யில்லை. ஆனால் வண்டி ஓட்ட ஆகும் செலவு அதோடு முடிவதில்லை. இரண்டு விஷயங்கள் கணக்கைப் புரட்டிப்போடும். ஒன்று, நீங்கள் வண்டிக்கு ஏற்றும் யூனிட் உங்கள் ஈபி பில்லில் எந்தப் படியில் போய் விழுகிறது என்பது. இன்னொன்று, பேட்டரியின் விலையை எத்தனை கிலோமீட்டருக்குப் பிரித்துப் போடுகிறீர்கள் என்பது.

ஒப்பிட இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி பெட்ரோல் பைக். மறுபக்கம் ரிவோல்ட் ஆர்வி400 போல 3.24 கிலோவாட் மணி பேட்டரி உள்ள மின்சார பைக். இரண்டும் தினம் வேலைக்குப் போய்வரும் வண்டிகள். பெரிய சிசி வண்டியை மின்சார பைக்கோடு ஒப்பிட்டால் மின்சாரம்தான் ஜெயிக்கும், அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. மைலேஜுக்குப் பேர்போன வண்டியோடு ஒப்பிட்டால்தான் கணக்குக்கு மதிப்பு.

முதலில் அளப்பது எப்படி

கம்பெனி சொல்லும் மைலேஜை இரண்டு பக்கமும் ஓரங்கட்டுங்கள். பெட்ரோல் வண்டிக்கு டேங்க் டு டேங்க் முறைதான் சரி. பங்கில் மெயின் ஸ்டாண்டு போட்டு, துப்பாக்கி தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டியபின் அதே பங்கில், அதே போல ஸ்டாண்டு போட்டு மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை எத்தனை லிட்டர் போனதோ அதுதான் செலவான பெட்ரோல். 300 கிலோமீட்டருக்கு 5 லிட்டர் என்றால் லிட்டருக்கு 60. நகர நெரிசலும் திறந்த ரோடும் கலந்து ஓட்டும் 100 சிசி வண்டிக்கு இது நியாயமான எண். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்குச் சக்தி கொஞ்சம் குறைவு என்பதால், பழைய மைலேஜை நினைத்துக் கணக்குப் போடாமல் இப்போது அளந்த எண்ணையே வையுங்கள்.

மின்சார வண்டியில் பலரும் தவறுவது இங்கேதான். டிஸ்பிளேயில் வரும் எண் பேட்டரியிலிருந்து வெளியே போன மின்சாரத்தை மட்டுமே காட்டும். சார்ஜர் சூடாவதில் போனது, செல்களைச் சமப்படுத்துவதில் போனது எதுவும் அதில் வராது. ஆனால் ஈபி மீட்டர் அதையும் எண்ணும். ஆகவே சார்ஜருக்கும் 15 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்கும் நடுவே பிளக்கில் மாட்டும் சின்ன யூனிட் மீட்டர் ஒன்றைப் போடுங்கள். முழு சார்ஜிலிருந்து ஆரம்பித்து, 300 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி முழு சார்ஜ் வரும் வரை ஏறிய யூனிட்டையெல்லாம் கூட்டுங்கள். இந்த அளவு பைக்கை நார்மல் மோடில் ஓட்டினால் 12.6 யூனிட்டை ஒட்டி வரும். அதாவது கிலோமீட்டருக்கு 0.042 யூனிட். டிஸ்பிளே காட்டும் எண் இதைவிட 10 முதல் 15 சதவீதம் குறைவாக இருக்கும்.

இரண்டு வண்டியின் குணமும் நேர் எதிர் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும், மின்சார வண்டிக்கு அங்கே அநேகமாகச் செலவே கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 50 வேகத்தில் சீராகப் போனால் பெட்ரோல் வண்டி அதன் நல்ல மைலேஜைக் கொடுக்கும். மின்சார வண்டியை அதே ரோட்டில் 75-ல் விரட்டினால், காற்றின் எதிர்ப்பில் ரேஞ்ச் கண்ணெதிரே இறங்கும். ஆகவே அளக்கும் 300 கிலோமீட்டரும் நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையிலேயே இருக்கட்டும். டயரில் காற்றும் சரியாக இருக்க வேண்டும், காற்று குறைந்தால் இரண்டிலும் எண் கெடும்.

யூனிட் எந்தப் படியில் விழுகிறது

பெட்ரோல் கணக்கு எளிது. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால், 60 கிலோமீட்டருக்குப் பிரிக்கும்போது கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 68 காசு.

கரண்டுக்கு அப்படி ஒரே விலை கிடையாது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை வைத்துப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய், அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 கட்ட வேண்டும். மேலே 600 வரை 8.40, 800 வரை 9.45.

வண்டிக்கு ஏற்றும் யூனிட் எப்போதும் வீட்டுச் செலவின் மேலே போய் உட்கார்கிறது. மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து வரும் சராசரியை எடுத்தால் கணக்குத் தப்பு. தினம் 40 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் ஓட்டுபவருக்கு 12,000 கிலோமீட்டர் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர், 84 யூனிட்.

மூன்று வீடுகளைப் பாருங்கள். வண்டி வாங்கும் முன் 300 யூனிட் ஓடிய வீட்டில் 84 யூனிட்டும் 4.70-ல் விழுகிறது. பில்லில் 395 ரூபாய் கூடுகிறது, கிலோமீட்டருக்கு 20 காசு. ஏற்கெனவே 700 யூனிட் ஓடும் ஏசி வீட்டில் எல்லாம் 9.45-ல் விழுந்து 794 ரூபாய், அதாவது 40 காசு. நடுவில் இருக்கும் 450 யூனிட் வீட்டில்தான் சிக்கல். 50 யூனிட் 6.30-ல் 315 ரூபாய், தாண்டிய 34 யூனிட் 8.40-ல் 286 ரூபாய். அதோடு 500-ஐத் தாண்டியதால் போன சலுகை 235 ரூபாய். ஆக மொத்தம் 836, கிலோமீட்டருக்கு 42 காசு. 700 யூனிட் வீட்டைவிட 450 யூனிட் வீட்டுக்காரர் அதே வண்டிக்கு அதிகம் கொடுக்கிறார். 500-க்குப் பக்கத்தில் இருப்பவர்கள் வண்டி வாங்கும் முன் கடைசி ஆறு பில்லை எடுத்துப் பார்ப்பது நல்லது. கோடையில் மட்டும் தாண்டுகிறதா, வருடம் முழுக்கத் தாண்டுமா என்பது அதில் தெரிந்துவிடும்.

இந்த மூன்று வீடுகளில் அதிகபட்சமே 42 காசு என்றால், எரிபொருளில் மட்டும் பார்த்தால் பெட்ரோல் நெருங்கவே முடியாது. கீழே உள்ள கணக்குக்கு நடுவாக 30 காசு என்று வைக்கிறேன்.

பேட்டரி

பெட்ரோல் வண்டியில் செலவு பங்கில் தினம் தெரியும். மின்சார வண்டியில் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே மறைந்து, மெதுவாகத் தேய்கிறது. இந்த அளவு பேட்டரியை மாற்ற 55,000 ரூபாய் என்று வையுங்கள். உங்கள் வண்டிக்கு உரிய விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு அதைப் போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுபவர் ஏழு வருடத்தில் 84,000 கிலோமீட்டர் ஓட்டுவார். பேட்டரித் தேய்மானம் கிலோமீட்டருக்கு 65 காசு. தினம் 15 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு எட்டு வருடத்தில் 36,000 கிலோமீட்டர்தான் ஆகிறது. அவருக்கு 1 ரூபாய் 53 காசு. லித்தியம் பேட்டரி ஓட்டினாலும் தேயும், சும்மா நின்றாலும் வயதாகும், அதுவும் நம் ஊர் வெயிலில் வேகமாக. குறைவாக ஓட்டினால் பேட்டரி அதற்கேற்ப நீடிக்கும் என்று நம்பிக் கணக்குப் போட முடியாது.

இதை ஒரு தடவைதான் எண்ண வேண்டும். வண்டி வாங்கும்போது அதிகமாகக் கொடுத்த பணம் பெரும்பாலும் முதல் பேட்டரிக்குத்தான். அந்த விலை வித்தியாசத்தையும் எடுத்து, பேட்டரித் தேய்மானத்தையும் எடுத்தால் மின்சார வண்டிக்கு அநியாயம் செய்வதாகும். நாலு வருடத்தில் விற்றுவிடுவேன் என்பவருக்கும் தப்பிக்க வழியில்லை, வாங்குபவர் மீதமுள்ள பேட்டரி ஆயுளைப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

பேட்டரி சீக்கிரம் கெட முக்கியக் காரணங்கள் சில உண்டு. வண்டியை சார்ஜ் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் நிறுத்துவது, ஓடிவந்த சூட்டோடு உடனே சார்ஜ் போடுவது, முழு சார்ஜோடு வெயிலில் விடுவது. கெடுவதற்கு அடையாளம், 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 10-க்கு விழுவது. சில செல்கள் மற்றவற்றைவிடப் பலவீனமாகிவிட்டன என்று அர்த்தம். வாரண்டி இருக்கும்போதே அதைக் காட்டிவிடுங்கள்.

மற்ற செலவு, மொத்தக் கணக்கு

பெட்ரோல் வண்டிக்கு ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், செயின் செட், கிளட்ச் பிளேட் என்று வருடத்துக்கு 12,000 கிலோமீட்டரில் சுமார் 4,200 ரூபாய். 80,000 கிலோமீட்டரை ஒட்டி என்ஜின் வேலை வந்தால் 8,000 ரூபாய், அது கிலோமீட்டருக்கு 10 காசு. மின்சார வண்டியில் பிரேக்கும் பொதுச் சர்வீஸும்தான், 1,800 ரூபாய் போதும். குறைவாக ஓட்டுபவரும் ஆயிலை வருடத்துக்கு இரண்டு முறையாவது மாற்ற வேண்டும் என்பதால் அவருக்குக் கிலோமீட்டர் கணக்கில் சர்வீஸ் செலவு கூடும். டயர் இருவருக்கும் பொது, விட்டுவிட்டேன்.

| கிலோமீட்டருக்கு | தினம் 40 கி.மீ. | தினம் 15 கி.மீ. |
|---|---|---|
| பெட்ரோல்: எரிபொருள் | 1.68 | 1.68 |
| பெட்ரோல்: சர்வீஸ், என்ஜின் | 0.45 | 0.49 |
| பெட்ரோல் மொத்தம் | 2.13 | 2.17 |
| மின்சாரம்: கரண்ட் | 0.30 | 0.30 |
| மின்சாரம்: சர்வீஸ் | 0.15 | 0.27 |
| மின்சாரம்: பேட்டரி | 0.65 | 1.53 |
| மின்சாரம் மொத்தம் | 1.10 | 2.10 |

தினம் 40 ஓட்டுபவருக்கு வருடம் 12,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். தயங்காமல் மின்சார வண்டி வாங்கலாம். தினம் 15 ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் பக்கம் ஒரு சாதகம் உண்டு: பேட்டரி தேய்ந்து ரேஞ்ச் பாதியானாலும் அவருக்கு 15 கிலோமீட்டர் போதும். அதே பேட்டரியைப் பத்து வருடம் வைத்திருந்தால் தேய்மானம் 1.22 ஆகக் குறையும், மொத்தம் 1.79-க்கு வரும்.

வீட்டில் சார்ஜ் போட வழியில்லாதவர்களுக்குக் கணக்கே வேறு. வாடகை வீட்டு மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டுச் சார்ஜ் போடாதீர்கள். மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் சார்ஜருக்கு 6 ஆம்பியர் பிளக்கும் மெல்லிய ஒயரும் தாங்காது, பிளக் முனை கருகுவதில்தான் ஆரம்பிக்கும். பொதுச் சார்ஜிங்கில் யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால் கரண்ட் மட்டும் 84 காசு. தினம் 40 ஓட்டுபவருக்கு அப்போதும் மொத்தம் 1.64 ஆகி, பெட்ரோலைவிடக் குறைவு. தினம் 15 ஓட்டுபவருக்கோ 2.64 ஆகிவிடுகிறது. அவருக்கு இந்த விலைகளில் 100 சிசி பெட்ரோல் பைக்தான் மலிவு.