கடலுக்கு 200 மீட்டரில்: ஜி.ஐ., எஸ்.எஸ்., பித்தளை மூன்றையும் பயன்படுத்திப் பார்த்த கதை

பாலவாக்கத்தில் இந்த வீட்டுக்கு 2014-ல் குடிவந்தோம். மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். நேர்கோட்டில் அளந்தால் 200 மீட்டர் இருக்கும். வீடு பார்க்க வந்த அன்று காற்றைத்தான் ரசித்தேன். ஜன்னல் கொக்கிகளுக்குக் கீழே சுவரில் வழிந்திருந்த காவிக் கோடுகள் கண்ணில் படவில்லை.

முதல் பாடம் வர்தா புயலில் வந்தது. 2016 டிசம்பர் 12. மாடியில் துணி காயப்போட முந்தைய உரிமையாளர் போட்டிருந்த தகரக் கொட்டகையின் நான்கு தகடுகள் பறந்து அடுத்த தெருவில் கிடந்தன. புயல் காற்று என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மறுநாள் சட்டத்தில் மிச்சமிருந்த திருகுகளைப் பார்த்தேன். தலை, ரப்பர் வாஷர் எல்லாம் பார்க்க நன்றாக இருந்தன. வாஷருக்குக் கீழே இருந்த தண்டு மட்டும் தீக்குச்சி அளவுக்கு மெலிந்திருந்தது. போட்டு மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது.

கடையில் அவற்றை விற்றது 'ஜி.ஐ. ஸ்க்ரூ', அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் திருகு, என்ற பெயரில். அந்தப் பெயருக்குள் இரண்டு வேறு சரக்குகள் இருக்கின்றன என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒன்று, மின்முலாம் பூசியது. பளபளவென்று நீலச் சாயலிலோ மஞ்சளாகவோ இருக்கும், தொட்டால் வழவழக்கும். அதில் துத்தநாகம் 5 முதல் 8 மைக்ரான் வரைதான் இருக்கும். மற்றது, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, கடையில் 'ஹாட் டிப்' என்று கேட்க வேண்டும். மங்கிய சாம்பல் நிறம், கொஞ்சம் சொரசொரப்பு, பார்த்தால் பழைய சரக்கு போலத் தோன்றும். அதில் பூச்சு 40, 50 மைக்ரான் இருக்கும். கடுமையான கடலோரக் காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை கரையும் என்பது பொதுவான கணக்கு. பளபளப்பான திருகு ஒன்றிரண்டு ஆண்டில் வெறும் இரும்பாகிவிடுவதில் ஆச்சரியம் இல்லை.

2017 ஜனவரியில் பாரிமுனைக்குப் போய் ஹாட் டிப் போல்ட்டாகவே 24 வாங்கி வந்தேன், 8 எம்.எம். கனம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பூச்சு தடிமனாக இருப்பதால், அதற்குரிய நட்டின் மரையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டியிருப்பார்கள். கையில் எடுத்தால் லொடலொடவென்று ஆடும். வேலைக்கு வந்தவர் அந்த நட்டுகளைப் பார்த்துவிட்டு, "இது லூசா இருக்கு சார், நம்மகிட்ட நல்ல நட்டு இருக்கு" என்றார். அந்த நல்ல நட்டு ஏறவில்லை. உடனே டையை எடுத்து போல்ட்டின் மரையைச் சீவ ஆரம்பித்துவிட்டார். நான் டீ வாங்கி வருவதற்குள் மூன்று போல்ட்டில் துத்தநாகம் துப்புரவாகப் போயிருந்தது. அந்த மூன்றும் முதல் மழைக்காலம் முடிவதற்குள் மரையில் சிவந்துவிட்டன. ஆடுகிற நட்டோடு சேர்த்தே வாங்குங்கள், முறுக்கியதும் பிடித்துக்கொள்ளும்.

மீதி 21 போல்ட்டில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவற்றில் 12 வெளிப்பக்கம், மழையும் வெயிலும் நேராகப் படும் இடத்தில். 9 தகட்டுக்கு அடியில், மழையே படாமல் பத்திரமாக. பத்திரமாக இருந்தவைதான் முதலில் கெட்டன. மூன்றாவது ஆண்டில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி படிந்தது. அது துத்தநாகம் கரைவதன் அடையாளம். ஐந்தாவது ஆண்டில் ஆறு போல்ட்டில் காவி நிறம் வந்துவிட்டது. வெளியே இருந்த 12-ல் ஒன்றே ஒன்று, அதுவும் நுனியில் மட்டும். எட்டு ஆண்டு தாண்டிய பிறகும் வெளிப்பக்கத்துப் போல்ட்டுகள் கழற்றினால் கழல்கின்றன.

காரணம் உப்புதான். காற்றில் வரும் உப்பு இரண்டு இடத்திலும் படிகிறது. வெளியே மழை வந்து கழுவிவிடுகிறது. தகட்டுக்கு அடியில் கழுவ ஆளில்லை. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் மழையே இல்லாவிட்டாலும் அந்த இடம் ராத்திரி முழுக்க நசநசவென்று இருக்கும். இது தெரிந்த பிறகு வீட்டில் எதை மாட்டினாலும், மழை படுமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சரி, துருப்பிடிக்காத எஃகு என்கிற எஸ்.எஸ். போட்டால் தொல்லை விட்டது என்று நினைத்து, 2018-ல் பால்கனிக் கைப்பிடியை எஸ்.எஸ். குழாயில் செய்தோம். 304 ரகம் என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். ஆறே மாதத்தில் தேநீர் சிந்தியது போலப் பழுப்புத் திட்டுகள். குழாயின் மேல்பக்கம் பரவாயில்லை. அடிப்பக்கத்தில், அதாவது மழை தொடாத பக்கத்தில், அதிகம். ஆனால் அடித்தகட்டைத் தரையோடு பிடித்திருந்த திருகுகள் மட்டும் திட்டு என்ற நிலையைத் தாண்டி, தலையில் ஊசி குத்தியது போலப் பள்ளம் விழுந்து நிஜமாகவே துருவேறிக் கிடந்தன. இன்னொரு பட்டறைக்காரர் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, நிறம் மாறியதைக் காட்டிச் சொன்னார்: குழாய் 304-தான், திருகுகள் 202. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் மலிவான ரகம். சமையலறைக்குள் தாங்கும், கடலோரத்தில் தாங்காது.

காந்தத்தை வைத்துப் பார்த்து வாங்கினால் ஏமாற மாட்டோம் என்று பலர் சொல்கிறார்கள். 202, 304, 316 மூன்றிலுமே காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். அதனால் அந்தச் சோதனை இங்கே உதவாது. போல்ட் என்றால் தலையைப் பாருங்கள். ஏ2 என்று பொறித்திருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. 316-ல் இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மாலிப்டினம் சேர்க்கிறார்கள். உப்பைத் தாங்க உதவுவது அதுதான். எதுவுமே பொறிக்காத போல்ட்டை நான் இப்போது வாங்குவதில்லை.

கைப்பிடியின் அடித்தகட்டுக்கும் ஏசி வெளி யூனிட்டின் தாங்கிக்கும் 2019-ல் ஏ4 போல்ட் போட்டேன். விலை 304-ஐப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆனது. இன்றுவரை தலையில் லேசான பழுப்பைத் தவிர எதுவும் இல்லை, அதுவும் ஈரத்துணியால் தேய்த்தால் போய்விடுகிறது. போடும்போதுதான் அவதிப்பட்டேன். அவசரத்தில் நட்டை டிரில் மெஷினால் முறுக்கினேன். பாதி தூரத்தில் இறுகி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. எஸ்.எஸ். மேல் எஸ்.எஸ். வேகமாக உரசினால் சூடாகி மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிரைண்டரால் அறுத்துத்தான் எடுத்தேன். அடுத்ததிலிருந்து மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஸ்பானரால் கையாலேயே மெதுவாக முறுக்கினேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

இன்னொரு தவறும் அப்போதே செய்தேன். நான்கு வாஷர் குறைந்தது. வீட்டில் கிடந்த ஜி.ஐ. வாஷரைப் போட்டுவிட்டேன். ஒன்றரை ஆண்டில் வாஷர் இருந்த இடத்தில் காவிப் பொடிதான் இருந்தது. இரண்டு உலோகம் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் தன்னைக் கொடுத்து எஸ்.எஸ்.ஸைக் காப்பாற்றும். கொடுக்கிற பொருள் சின்னதாகவும், பக்கத்தில் இருக்கும் எஸ்.எஸ். பெரிதாகவும் இருந்தால் மிக வேகமாகத் தீர்ந்துபோகும். இதைத் தலைகீழாகச் செய்தால், அதாவது பெரிய ஜி.ஐ. தகட்டில் சின்ன எஸ்.எஸ். திருகு போட்டால், அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனாலும் அலுமினிய ஜன்னலில் எஸ்.எஸ். திருகு போட்டபோது ஓட்டையைச் சுற்றி வெள்ளையாகப் பொடி கிளம்பியது. இப்போது நடுவே நைலான் வாஷர் வைத்துவிடுகிறேன்.

எஸ்.எஸ்.ஸைக் கெடுக்கும் இன்னொன்று நம் வீட்டுச் சுத்தம். டைல்ஸ் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவியபோது, கைப்பிடியின் அடிப்பாகம் ஒரே வாரத்தில் புள்ளி புள்ளியாகிவிட்டது. பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரும் கூடாது. நாரின் துகள் எஸ்.எஸ்.ஸில் ஒட்டிக்கொண்டு அது துருப்பிடிக்கும், பழி எஸ்.எஸ். மேல் விழும். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் துடைத்தால் போதும்.

பித்தளைக்கு வருகிறேன். கிழக்குப் பக்க அறைக் கதவுகளின் கீல், தாழ்ப்பாள் எல்லாம் பித்தளை, 2015-ல் போட்டவை. கறுத்துவிட்டன, பார்க்க அழகில்லை, ஆனால் ஒன்றுகூடத் தகராறு செய்ததில்லை. ஒரே ஒரு கீலில் மட்டும் நடுவிலிருந்து சிவப்பாக வழிந்தது. காந்தத்தை வைத்தால் பொட்டென்று ஒட்டியது: தகடு பித்தளை, உள்ளே கோர்த்த ஊசி இரும்பு. காந்தம் உண்மையில் பயன்படுவது இங்கேதான். பித்தளைத் திருகு மென்மையானது, தேக்கில் நேரடியாக முறுக்கினால் தலை திருகிக்கொண்டு வந்துவிடும். அதே அளவு இரும்புத் திருகை முதலில் ஏற்றி இறக்கி வழி செய்துவிட்டு, பித்தளைத் திருகில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து முறுக்குவார் எங்கள் ஆசாரி.

காற்றில் இப்படி நிம்மதியாக இருக்கும் பித்தளை, தண்ணீரில் வேறு மாதிரி. எங்கள் போர் தண்ணீர் உப்பு. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு பித்தளை வால்வு. ஏழாவது ஆண்டில் அதன் உடம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்புத்தானே என்று துடைத்துவிட்டேன். சில மாதம் கழித்து ஒழுகுகிறதே என்று ஸ்பானர் போட்டு லேசாகத் திருப்பினேன். வால்வு ரொட்டி போலப் பிட்டுக்கொண்டு வந்தது, தொட்டித் தண்ணீர் முழுக்கப் படிக்கட்டில். உடைந்த இடம் மஞ்சளாக இல்லை, செம்புபோல இளஞ்சிவப்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. உப்புத் தண்ணீர் துத்தநாகத்தை மட்டும் கரைத்துக்கொண்டு போய்விட, மிஞ்சியது ஓட்டை விழுந்த செம்புக் கூடு. வெளியே வெள்ளைப் பூப்பும், சுரண்டினால் இளஞ்சிவப்பும் தெரிந்தால் ஸ்பானர் போடுவதற்கு முன் மேல் வால்வை மூடிவிடுங்கள்.

இந்தக் கரையில் ஒரு காலத்தில் மசூலாப் படகின் பலகைகளைக் கயிற்றால் தைத்தார்கள், கட்டுமரத்தைக் கயிற்றால் கட்டினார்கள். அலையில் வளைந்துகொடுக்கத்தான் அப்படிச் செய்தார்கள், துருவுக்குப் பயந்து அல்ல. ஆனாலும் துருவேறிய நட்டோடு மல்லுக்கட்டும் மதியங்களில் அவர்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

இந்த ஆண்டு மழைக்கு முன் மாற்ற வேண்டியவை: கொட்டகைக்கு அடியில் மிச்சமிருக்கும் மூன்று ஹாட் டிப் போல்ட்டுகள். அந்த இடத்தில் இனி ஏ4. அப்புறம் வாசல் கேட்டின் பூட்டு. உடம்பு பித்தளை, வளையம் இரும்பு. சாவி போடும்போதெல்லாம் தையல் மெஷின் எண்ணெய் கேட்கிறது.