ஏழு நாள் ட்ரையல், பத்தொன்பது எபிசோட்: எந்தக் கிழமை தொடங்குவது?

ஃப்ரீ ட்ரையல் எடுத்தால் அன்றைக்கே கேன்சல் பண்ணிவிடு, காசும் போகாது, கடைசி நாள் வரை படமும் ஓடும் என்று சொல்வார்கள். அமேசான் பிரைமின் ட்ரையலில் அது சரிதான், கேன்சல் செய்தாலும் ட்ரையல் நாள் முடியும்வரை பார்க்கலாம். ஆப்பிள் டிவி பிளஸில், அதாவது 2025 அக்டோபரில் ஆப்பிள் டிவி என்று பெயர் மாறிய சேவையில், இதைச் செய்தால் போச்சு. ட்ரையலின் நடுவே Cancel Free Trial அழுத்தினால் அந்த நிமிடமே கதவு மூடிவிடும், மீதி நாட்கள் கிடையாது. (வேறொரு சேவையில் நான் இப்படி மாட்டிக்கொண்ட பிறகுதான் விதிகளைப் படிக்கவே ஆரம்பித்தேன்.) அதே சமயம், காசு பிடிக்காமல் இருக்க ட்ரையல் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே கேன்சல் செய்யச் சொல்கிறது ஆப்பிள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஏழு நாள் ட்ரையல் என்பது உண்மையில் ஆறு நாள்தான்.

இந்த ஆறு நாளை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. உதாரணத்துக்கு ஆப்பிளின் செவரன்ஸ் தொடரை எடுத்துக்கொள்வோம். முதல் சீசன் 9 எபிசோட், 2022-இல் வந்தது. இரண்டாவது சீசன் 10 எபிசோட், 2025 ஜனவரி 17 முதல் மார்ச் 21 வரை வெள்ளிக்கு ஒன்றாக வந்தது. மொத்தம் 19, ஏறக்குறைய பதினைந்தரை மணி நேரம். இரண்டையும் பார்க்காத ஒருவர், வேலைக்குப் போகிறவர், எந்த நாளில் தொடங்கியிருந்தால் முடித்திருப்பார்?

சீசன் தொடங்கிய ஜனவரி 17 அன்றே எடுப்பது என்பது ஆசைக்குச் சரி, கணக்குக்கு ஆகாது. ஆறு நாளில் பழைய சீசனை முடிக்கலாம், புதியதில் முதல் எபிசோடு மட்டும்தான் கிடைக்கும், அப்புறம் ஒன்பது வாரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இதை இங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்தது, கடைசி எபிசோடு ட்ரையலுக்குள் விழும்படி வைப்பது. ஊரோடு சேர்ந்து ஃபினாலே பார்க்கலாம், யாரும் கதையை உடைக்க முடியாது. பலருக்குத் தோன்றுவது, மார்ச் 15 சனிக்கிழமை காலை தொடங்கினால் 22 வரை இருக்கிறதே, 21-ஆம் தேதி எபிசோடும் உள்ளே வந்துவிடுமே என்று. வராது, அல்லது வந்தும் வராது. 22 சனி காலையில் காசு பிடிப்பார்கள் என்றால், கேன்சல் கெடு 21 வெள்ளி காலை. எபிசோடு வருகிற அதே காலை. பல் தேய்த்துக்கொண்டே ஒன்றேகால் மணி நேர ஃபினாலேயைப் பார்த்து முடிக்க வேண்டும்.

அதனால் தொடக்கத்தை மார்ச் 16 ஞாயிறு இரவு எட்டு மணிக்குத் தள்ளினால், கெடு 22 சனி இரவு எட்டு மணி. ஞாயிறு இரவு இரண்டு, திங்கள் முதல் வியாழன் வரை தினம் மூன்று, வெள்ளி இரண்டு, சனிக்கிழமை பகலில் மூன்று. பத்தொன்பது வந்துவிட்டது. ஆனால் வேலை விட்டு வந்து தினம் மூன்று எபிசோடு என்றால் இரண்டரை மணி நேரம், நான்கு நாள் தொடர்ந்து. ஒரு நாள் ஆபீஸில் லேட், ஒரு நாள் விருந்தாளி, அவ்வளவுதான், கணக்கு உதைக்கும். முதல் சீசனை ஏற்கெனவே பார்த்தவருக்கு மட்டும் இந்த வழி அருமை, அவருக்குப் பத்து எபிசோடுதான்.

மூன்றாவது வழி, எல்லாம் வந்து முடியட்டும் என்று காத்திருந்து, விடுமுறை எங்கே விழுகிறது என்று காலண்டரைப் பார்ப்பது. என் ஓட்டு இதற்குத்தான். 2025-இல் ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு திங்கட்கிழமை, 18 வெள்ளி புனித வெள்ளி. இரண்டு விடுமுறையும் ஒரே வாரத்தில்! 12 சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினால் கெடு 18 வெள்ளி இரவு ஒன்பது. சனி இரவு இரண்டு, ஞாயிறு நான்கு, புத்தாண்டு அன்று மூன்று. பாயசத்தோடு முதல் சீசன் முடிந்தது. செவ்வாய் முதல் வியாழன் வரை தினம் இரண்டுதான், அது யாருக்கும் கஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை பகல் முழுக்க இருக்கிறது, மீதி நான்கு. மாலை ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்து மூன்று மணி நேரம் கையில் மிச்சம் இருக்கும். அதே சனிக்கிழமை காலையில் அவசரப்பட்டுத் தொடங்கியிருந்தால் கெடுவும் வெள்ளி காலைக்கு வந்து, அந்த விடுமுறை நாள் அப்படியே வீணாகியிருக்கும். தொடங்குகிற மணி கூட இங்கே முக்கியம். இதற்கு விலை ஒன்றுதான்: ஃபினாலே வந்து மூன்று வாரம், யாராவது கதையைச் சொல்லிவிடாமல் காதைப் பொத்திக்கொண்டு திரிய வேண்டும்.

அது முடியாதவர்களுக்கு நான்காவது வழி இருக்கிறது, முழு இலவசம் இல்லை. இந்தியாவில் அப்போது மாதக் கட்டணம் 99 ரூபாய். பிப்ரவரி 15 அன்று ட்ரையல் தொடங்கி, 22-ஆம் தேதி 99 ரூபாய் பிடிக்க விட்டால், மார்ச் 22 வரை ஓடும். ஃபினாலேயும் உள்ளே, ஐந்து வாரம் நிதானமாக, தினம் ஒன்று கூட வேண்டாம். காசு கட்டிய மாதத்தில் உடனே கேன்சல் செய்தாலும் அந்த ஒரு மாதம் முடியும் வரை பார்க்கலாம், ட்ரையலில் இருக்கிற சிக்கல் இதில் இல்லை. ஞாயிறு இரவுத் திட்டத்தில் கண் எரிய உட்காருவதற்கு இந்த 99 ரூபாய் எவ்வளவோ மேல் என்பேன்.

சரி, எந்த வழியானாலும் சொதப்பும் இடங்கள் இரண்டு. தானாகக் காசு பிடிக்கும் முன் வங்கியோ யுபிஐ செயலியோ அனுப்பும் அறிவிப்பைப் பார்த்துக் கேன்சல் செய்துகொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அந்த அறிவிப்புக்கான விதியும் 24 மணி நேரம் முன் என்பதுதான், அதாவது அது வரும்போது உங்கள் கெடுவும் தாண்டிக்கொண்டிருக்கலாம். ட்ரையல் தொடங்கிய கையோடு Settings-இல் உங்கள் பெயரைத் தட்டி, Subscriptions போய், அங்கே போட்டிருக்கும் தேதியைப் பார்த்து, அதற்கு ஒரு நாளும் இரண்டு மணி நேரமும் முன்னதாக போனில் அலாரம் வையுங்கள்.

இன்னொன்று, ஃபேமிலி ஷேரிங்கில் இருக்கும் குடும்பத்துக்கு மொத்தமாக ஒரு ட்ரையல்தான். காலண்டரை எல்லாம் பார்த்து நாள் குறித்துவிட்டு ஏப்ரல் 12 இரவு பட்டனை அழுத்தும்போது, போன வருஷமே தம்பி ஏதோ கால்பந்து ஆட்டத்துக்காக அதை எடுத்து முடித்திருந்தான் என்று தெரிய வரலாம். வீட்டில் முதலில் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.