அம்ப்ளிஃபயரில் இரைச்சலா? 48,000 ரூபாவை இழக்கும் முன் இதை வாசியுங்கள்

ஹட்டன் பக்கத்தில் ஒலிபெருக்கிச் சாமான்கள் விற்றுத் திருத்தும் கடையொன்று, எங்கள் தோட்டத்துக் கோயில் பணத்தில் 48,000 ரூபாவைப் பறித்துக்கொண்டு, எந்தக் கோளாறும் இல்லாத அம்ப்ளிஃபயரைத் "திருத்தி"த் தந்திருக்கிறது.

கோயிலில் மிக்சரைப் போட்டாலே பெட்டிகளில் 'ம்ம்ம்' என்று விடாமல் முழங்கும். டிரான்ஸ்ஃபோர்மரும் கப்பாசிட்டர்களும் பழுதென்று கடைக்காரர் சொன்னார். மாற்றிய பிறகு தன் கைபேசியை அம்ப்ளிஃபயரில் மாட்டிப் பாட்டுப் போட்டு, "கேளுங்கள் அண்ணே, சத்தமே இல்லை" என்றார். உண்மையிலேயே இரைச்சல் இல்லை. அதை நம்பித்தான் 48,000 ரூபாவையும் எண்ணிக் கொடுத்தோம்.

கோயிலில் மாட்டியதும் அதே முழக்கம். கேட்டால், முதலில் "உங்கள் தோட்டத்துக் கரண்ட் சரியில்லை" என்றார்கள். பிறகு "போயா கழித்து வாருங்கள்" என்றார்கள். கடைசியில் "பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுங்கள்" என்றார்கள்.

கண்டியில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் எங்கள் தோட்டத்துத் தம்பி தொலைபேசியிலேயே காரணத்தைக் கண்டுபிடித்தார். மிக்சர் கோயில் பிளக்கிலும் அம்ப்ளிஃபயர் பக்கத்து மடத்துப் பிளக்கிலும் இருந்தன. இரண்டுக்கும் தனித்தனி எர்த் என்பதால் அவற்றுக்கிடையே சிறிய மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். இரண்டையும் இணைக்கும் ஓடியோ வயரின் வெளிக்கம்பி வலையும் எர்த்தோடு சேர்ந்திருப்பதால் ஒரு முழு வளையம் உருவாகி, 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டம் அந்த வலை வழியாக ஓடுகிறது. வலையின் தடை அரை ஓம், ஓடுவது 20 மில்லி அம்பியர் என்று வைத்தால், 10 மில்லிவோல்ட் சேர்கிறது. சாதாரண இரண்டு முனை வயரில் அந்த வலையே பாட்டுச் சமிக்ஞையின் திரும்பும் வழியும் என்பதால், அந்த 10 மில்லிவோல்ட்டும் பாட்டோடு சேர்ந்து பெருகி முழங்குகிறது. கடையில் மாட்டிய கைபேசி பற்றரியில் ஓடியது. அதற்கு எர்த்தே இல்லை, வளையமும் இல்லை. அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை.

மிக்சர் வயரைக் கழற்றியதும் முழக்கம் நின்றது. மிக்சருக்கும் அம்ப்ளிஃபயர் இருந்த பிளக்கிலிருந்தே எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்துக் கொடுத்தோம். வயரை மீண்டும் மாட்டியும் முழக்கம் வரவில்லை.

ஆகவே, திருத்தக் கொடுக்கும் முன் ஓடியோ வயரைக் கழற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே பிளக்கிலிருந்து எடுங்கள். அது முடியாத இடத்தில் ஓடியோ வயரின் நடுவே, இரு பக்க எர்த்தையும் பிரித்துவிட்டுப் பாட்டை மட்டும் கடத்தும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபோர்மர் போடச் சொல்லுங்கள். எர்த் பின்னை மட்டும் எவர் சொன்னாலும் உடைக்காதீர்கள்: முழக்கம் நிற்கும், ஆனால் உள்ளே ஒரு கரண்ட் வயர் அறுந்து அம்ப்ளிஃபயரின் உலோகக் கூட்டில் பட்டால், ஈரத் தரையில் வெறுங்காலோடு மைக்கைப் பிடிக்கும் ஐயருக்கு 230 வோல்ட் பாயலாம்.

48,000 ரூபாவைத் திருப்பிக் கேட்டால் இப்போது தொலைபேசியையும் எடுப்பதில்லை.