29:59-இல் நிற்கும் கேமராவில் இரண்டு மணி நேரக் கச்சேரி: மூன்று வழிகள்

பதிவு சரியாக 29 நிமிடம் 59 நொடியில் நின்றால் கேமராவில் பழுதில்லை. 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியச் சுங்கம் வீடியோ கேமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் வரி விதித்தது. அதைத் தவிர்க்கத்தான் ஸ்டில் கேமராக்களுக்கு ஒரு நொடி முன்னதாகக் கடிவாளம் போட்டார்கள். புதிய மாடல்கள் பலவற்றில் அது இல்லை. நிற்கும் நேரம் முறைக்கு முறை மாறி, திரையில் வெப்பமானிக் குறியும் வந்தால் காரணம் சூடு.

ஒரே கேமரா என்றால், நான்கு முழுத் துண்டுகள் சேர்ந்தாலும் 119 நிமிடம் 56 நொடிதான். அதனால் கடைசி நொடிவரை காத்திருக்கவே கூடாது. 22 நிமிடம் தாண்டியதும் பாட்டு முடிந்து கைதட்டும் இடத்தில் நிறுத்தி, உடனே மீண்டும் தொடங்குங்கள். பாட்டுகள் குட்டையாக இருந்தால் இது போதும். முக்கால் மணி நேர ராகம் தானம் பல்லவி வந்தால் நடுவில் ஒரு துளை விழுவது உறுதி.

இரண்டு கேமராக்கள் இருந்தால் முதலாவதை 0-இலும் இரண்டாவதை 15-ஆம் நிமிடத்திலும் தொடங்கலாம். முதலாவது 30-இல் நின்று மீண்டும் கிளம்பும் சில நொடிகளை இரண்டாவது தாங்கும். 45-இல் இது தலைகீழாகும். இரண்டிலும் ஒரே பிரேம் ரேட் வேண்டும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஒரே கெல்வின் எண்ணில் பூட்டுங்கள். ஒலியைத் தனி ரெக்கார்டரில் நிறுத்தாமல் பதிவு செய்து, ஒவ்வொரு துண்டையும் அலைவடிவம் பார்த்து அதனுடன் பொருத்துங்கள். 100 எம்பிபிஎஸ் பதிவுக்கு மணிக்கு 45 ஜிபி ஆகும். எனவே கேமராவுக்கு ஒரு 128 ஜிபி கார்டு.

எச்டிஎம்ஐ வழியாக வெளி ரெக்கார்டரில் பதிவது மூன்றாவது வழி. கேமரா படத்தை அனுப்ப மட்டும் செய்வதால் பெரும்பாலான மாடல்களில் 30 நிமிட வரம்பு குறுக்கிடாது. ஆட்டோ பவர் ஆஃபை அணைத்து, திரை எழுத்துகள் வெளியீட்டில் வராமல் செய்து, சுவர் மின்சாரத்தில் ஓட டம்மி பேட்டரி போட்டுவிட வேண்டும். ஆனால் எல்லாம் ஒரு மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிளில் தொங்குகிறது. யாராவது காலால் இழுத்துவிட்டால் போச்சு. கேபிளைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். வாடகைக்கு எடுத்தால் முந்தைய நாளே இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

பதிவு நிற்காமல் கோப்பு மட்டும் 4 ஜிபிக்கு ஒன்றாக உடைவது வேறு விஷயம். அது எஃப்ஏடி32 கோப்பு அமைப்பின் வரம்பால் வந்த பழக்கம். 100 எம்பிபிஎஸ்-இல் அது ஐந்தே முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை வரும். அந்தத் துண்டுகளின் பெயர்களை `list.txt`-இல் வரிக்கு ஒன்றாக, `file 'C0001.MP4'` என்ற வடிவில் வரிசையாக எழுதி, ffmpeg என்ற இலவச நிரலால் இப்படி ஒட்டலாம்:

```
ffmpeg -f concat -safe 0 -i list.txt -c copy full.mp4
```

மறு என்கோடிங் இல்லாததால் தரம் குறையாது. இரண்டு கேமராக்களின் துண்டுகளை மட்டும் இதில் கலக்காதீர்கள். அவற்றை எடிட்டரில்தான் சேர்க்க வேண்டும்.

நிறுத்த இடமே தராத நீண்ட நிகழ்ச்சிக்கு எங்கள் தேர்வு இரண்டு கேமரா வழிதான். ஒன்று சூடாகி அணைந்தாலும் மற்றது ஓடிக்கொண்டிருக்கும். வெளி ரெக்கார்டரில் அந்தக் காப்பு இல்லை.