எண்பத்தைந்து பேருக்கு எத்தனை தேங்காய்? செயலியா, விரிதாளா

கல்லடியில் எங்கள் வீட்டுக் குடிபூரலுக்கு 85 பேருக்கு மத்தியானச் சாப்பாடு. பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, சம்பல் எல்லாவற்றுக்கும் தேங்காய் வேண்டும். சாமான் பட்டியலை முதலில் தொலைபேசிச் சமையல் செயலியிலும், பிறகு விரிதாளிலும் போட்டுப் பார்த்தேன்.

செயலியில் வேலை குறைவு. ஒவ்வொரு குறிப்பிலும் ஆட்களின் எண்ணிக்கையை மாற்றினால் அளவுகள் பெருகிவிடும், நாலு பட்டியலும் ஒன்றாகச் சேரும். ஆனால் பால்கறிக் குறிப்பில் 'தேங்காய்ப்பால் 2 கப்' என்றும், சொதியில் 'தேங்காய் 1' என்றும் இருந்ததால் அவை இரண்டு வரியாகவே நின்றன. ஒரு தேங்காயில் எத்தனை கப் பால் வரும் என்று அதற்குத் தெரியாது. கடைக்குப் போகிறவருக்கு அந்தக் கப் கணக்கு உதவாது.

விரிதாளில் அதை நானே தேங்காய்க் கணக்காக மாற்றி எழுதினேன். A கறி, B குறிப்பு எத்தனை பேருக்கு, C சாமான், D அளவு, E அலகு. H1 இல் 85.

```
F2: =D2/B2*$H$1
L2: =ROUNDUP(SUMIFS(F:F,C:C,J2,E:E,K2),0)
```

F இல் 85 பேருக்கான அளவு, J2 இல் சாமானின் பெயர், K2 இல் அலகு, L2 இல் வாங்க வேண்டிய மொத்தம். இதில் முக்கியம், கூட்டிய பிறகுதான் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தி முழுமையாக்க வேண்டும். பருப்பு 10 பேருக்கு அரைத் தேங்காய், பால்கறி 10 பேருக்கு ஒன்று, சொதி 6 பேருக்கு ஒன்று, சம்பல் 8 பேருக்கு ஒன்று. 85 பேருக்கு 4.25, 8.5, 14.17, 10.63. கூட்டினால் ஏறக்குறைய 37.5, ஆகவே 38 தேங்காய். ஒவ்வொரு கறிக்கும் தனித்தனியாக முழுமையாக்கினால் 5, 9, 15, 11 என்று 40 ஆகிவிடும். தேங்காயில் இரண்டுதான் வித்தியாசம். பைக்கற்றில் வாங்கும் தூள்களில் இது இன்னும் உறுத்தும்: 60 கிராமும் 130 கிராமும் தேவைப்படும் இரண்டு கறிக்கு 250 கிராம் பைக்கற் ஒன்றே போதும்.

விரிதாளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஓரிடத்தில் 'வெங்காயம்', இன்னோரிடத்தில் 'பெரிய வெங்காயம்' என்று எழுதினால் ஒன்று சத்தமில்லாமல் விடுபடும். எனக்கும் அப்படித்தான் ஆனது. வெங்காயம் எதிர்பார்த்ததில் பாதியாக வந்தபோதுதான் கண்டுபிடித்தேன். அப்புறம் பெயர்களைத் தட்டச்சுச் செய்யாமல், ஒரு பட்டியலிலிருந்து தெரிவு செய்யும்படி வைத்தேன்.

உப்பும் மிளகாய்த்தூளும் வேறு கதை. வாங்குவதற்குப் பெருக்கல் சரி, அண்டாவில் போடுவதற்குச் சரிவராது. "உப்பக் கணக்கில போடாத மனே, அடுப்படியில பாத்துப் போடு" என்றார் மாமி. அதனால் அந்த வரிகளுக்குப் பக்கத்தில் 'ருசி பார்த்து' என்று குறித்தேன். முதலில் கணக்கில் பாதியைப் போட்டுவிட்டு, ருசி பார்த்துக் கூட்டினோம். சோற்றுக்குத் தண்ணீரும் அப்படித்தான். பெரிய அண்டாவில் ஆவியாகும் பங்கு குறைவு, ஆகவே பெருக்கிய அளவை முழுதாக ஊற்றினால் சோறு குழையும்.

வீட்டில் பத்துப் பேர் வந்தால் நான் செயலியைத்தான் திறப்பேன். பல கறிகள் ஒரே தேங்காய்க் குவியலில் கைவைக்கும் நாளுக்கு விரிதாள்.