மழையில் கொல்லிமலை: ரெயின் மோடா, டிராக்‌ஷன் கன்ட்ரோலா, கார்னரிங் ஏபிஎஸ்ஸா?

300, 400 சிசி பைக் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். ஈர ரோட்டில் இவை மூன்றும் செய்வது ஒரே வேலை அல்ல. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றை மழையில் இறங்குவதாக வைத்துப் பார்ப்போம்.

வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று கொள்ளுங்கள். நல்ல டயர், நனைந்த தார் என்றால் பிடிமானம் வண்டி எடையில் சுமார் 0.6 பங்கு இருக்கும். காய்ந்த ரோட்டில் 0.8-க்கு மேல். 30 கிமீ வேகத்தில் திரும்பினால் வண்டி 25 டிகிரி சாயும்; திரும்புவதற்கே 0.47 செலவாகிவிடும். திரும்பும் விசையும் பிரேக் விசையும் செங்கோணத்தில் இருப்பதால் இதை நேராகக் கழிக்கக் கூடாது; வர்க்கக் கணக்கில் பிரேக்குக்கு மிஞ்சுவது 0.37. வேகம் 25 கிமீ என்றால் மிச்சம் 0.5. 35 கிமீ என்றால் திரும்பவே 0.64 வேண்டும். இருப்பதோ 0.6. அந்த வேகத்தில் எந்த எலெக்ட்ரானிக்ஸும் காப்பாற்றாது. இருக்கிற பிடிமானத்தைப் பங்குபோடத்தான் அதற்குத் தெரியும், புதிதாக உண்டாக்கத் தெரியாது.

30 கிமீ-யில் பாதி வளைவில் இருக்கும்போது எதிரே பஸ் மூக்கை நீட்டுகிறது. கை தானாக முன் பிரேக்கைப் பிடிக்கும். சாதாரண ஏபிஎஸ்ஸுக்குச் சக்கரங்களின் வேகம் மட்டும்தான் தெரியும், வண்டி சாய்ந்திருப்பது தெரியாது. சக்கரம் பூட்டத் தொடங்கிய பிறகுதான் அது விழிக்கும். அதற்குள் பக்கவாட்டுப் பிடி போயிருக்கலாம். சறுக்காவிட்டாலும் இன்னொரு சிக்கல்: சாய்ந்த நிலையில் முன் பிரேக் பிடித்தால் வண்டி நிமிர்ந்துகொண்டு வளைவுக்கு வெளியே, இடது வளைவானால் பஸ் பக்கமே, ஓடப் பார்க்கும். கார்னரிங் ஏபிஎஸ், ஐஎம்யூ சென்சார் மூலம் சாய்வை அறிந்து, பிரேக் அழுத்தம் ஏறுவதையே மெதுவாக்குகிறது. 2014-ல் கேடிஎம் 1190 அட்வெஞ்சரில் பாஷ் நிறுவனம் கொண்டுவந்த விஷயம் இன்று 390 ட்யூக்கில் இருக்கிறது. 2023-ல் வந்த அப்பாச்சி ஆர்டிஆர் 310-ல் கார்னரிங் ஏபிஎஸ் வேண்டுமென்றால் டைனமிக் ப்ரோ கிட்டுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், மழையில் மலை ஏறுகிறவர் காசு போட வேண்டியது முதலில் இதில்தான்.

டிராக்‌ஷன் கன்ட்ரோலை நான் மூன்றாம் இடத்தில் வைப்பேன். முன் சக்கரத்தைவிடப் பின் சக்கரம் வேகமாகச் சுற்றினால் அது இன்ஜின் சக்தியைக் குறைக்கும், அவ்வளவே. வளைவை விட்டு வெளியே வரும்போது த்ராட்டிலை அவசரமாக முறுக்கினால், குறிப்பாக ரோட்டில் அடித்த வெள்ளைப் பெயின்ட்டின் மேல், உதவும். ஆனால் இறக்கத்தில் த்ராட்டில் மூடியே இருக்கும். இரண்டாம் கியரிலிருந்து முதலுக்குத் தடாலென்று இறக்கி, இன்ஜின் பிரேக்கிங்கில் பின் சக்கரம் இழுபட்டால் இது தலையிடாது. அங்கே கிளட்ச்சை மெதுவாக விடும் கையும் ஸ்லிப்பர் கிளட்ச்சும்தான் துணை. ஸ்பீட் 400-ல் டிராக்‌ஷன் கன்ட்ரோல் உண்டு, கார்னரிங் ஏபிஎஸ் கிடையாது. ஹிமாலயன் 450-ல் இரண்டும் இல்லை. அதற்காக அது மழையில் ஓட்டக் கூடாத வண்டி என்று அர்த்தமில்லை; வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட வேண்டும்.

ரெயின் மோடு நடுவில் நிற்கிறது. ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310-ன் 2020 மாடலில் ரெயின் மோடு போட்டால் 34 பிஎஸ் சக்தி 25.8 ஆகக் குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உச்ச டார்க் 27.3 நியூட்டன் மீட்டரிலிருந்து 25-க்குத்தான் இறங்கும், பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. கொண்டை ஊசியில் உதவுவது குறைந்த குதிரைசக்தி அல்ல. த்ராட்டில் மென்மையாவதும், ஏபிஎஸ் சீக்கிரம் தலையிடுவதும்தான்.

சரி, எப்படி வைப்பது? அடிவாரத்திலேயே ரெயின் மோடு. டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆன். பின் ஏபிஎஸ்ஸை அணைக்கும் சூப்பர்மோட்டோ மோடு, ஹிமாலயனில் ரியர் ஏபிஎஸ் ஆஃப், இரண்டும் மண்ணுக்கும் ட்ராக்குக்கும் உரியவை; ஈரத் தாரில் வேண்டாம். ஓடிக்கொண்டே மோடு மாற்றுவதானால் த்ராட்டிலை முழுதாக மூடினால்தான் பல வண்டிகள் ஏற்கும். அதை வளைவுக்குள் செய்யாதீர்கள்.

டீ குடிக்க நிறுத்திச் சாவியைத் திருப்பினால் மோடு மாறியிருக்கலாம், மீட்டரைப் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கு வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் அன்றைக்கு ஏபிஎஸ் இல்லை என்று நினைத்தே இறங்குங்கள். சக்கர சென்சாரில் சேறு அப்பியிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. நேர் ரோட்டில் சீராகப் போகும்போதே டிராக்‌ஷன் விளக்கு மின்னினால், கம்பெனி அளவை விட்டு வேறு அளவு டயர் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சுற்றளவு மாறினால் சறுக்காத சக்கரமும் அதன் கணக்கில் சறுக்குவதாகத் தெரியும்.