இடைவெளியை எண்ணுவதா, விடுவதா: மாங்கூழ் ஆலைப் பதிவேட்டோடு பதினொரு சீசன்

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகும் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறேன். சீசன் சூடுபிடித்துவிட்டால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். எடைமேடை அறையில் ஒரு தடிமனான பதிவேடு உண்டு. விவசாயிக்கு ஒரு பக்கம். முன்பணம், எடை, கழிவு எல்லாம் அதில்தான். பெயர்கள் அகரவரிசையில் இருக்கும். கம்ப்யூட்டரிலும் அதே பட்டியல் இருக்கிறது, ஆனால் கரண்ட் போனாலும் வண்டி நிற்காது, அதனால் காகிதம்தான் நிஜப் பதிவேடு.

இந்தப் பட்டியலை எட்டு சீசன் ஒரு முறையில் அடுக்கினேன், கடைசி மூன்று சீசன் வேறு முறையில். முதல் எட்டு சீசனில் இதில் 'முறை' என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எக்செல்லில் பெயர்ப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, அகரவரிசையில் அடுக்கச் சொல்லி சார்ட் கொடுப்பேன், பிரின்ட் எடுப்பேன், அவ்வளவுதான்.

எக்செல் செய்வது சொல்வாரி வரிசை. அதற்கு இடைவெளியும் ஓர் எழுத்து, அதுவும் எல்லா எழுத்துக்கும் முந்தியது. அதனால் முதல் சொல்லை முதல் சொல்லோடு ஒப்பிட்ட மாதிரியே வரிசை அமையும். ஒன்றுமில்லாதது ஏதாவது இருப்பதற்கு முன்னால் வரும். நூலகப் பட்டியல்கள் வெகுகாலமாக இப்படித்தான். எழுத்துவாரி வரிசையில் இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு மூன்று சொல்லாக இருந்தாலும் ஒரே சொல்லாக ஓட்டி வாசித்து அடுக்குவது. ஆங்கிலப் புத்தகங்களின் பொருளடைவுக்கு சிகாகோ நடைக் கையேடு 2024 வரை பரிந்துரைத்து வந்தது இதைத்தான்.

நம் ஊர்ப் பெயர்களை எழுதும் விதம் தெரிந்தவர்களுக்குச் சிக்கல் எங்கே வரும் என்று இப்போதே தெரிந்திருக்கும். ஒரே ஆள் ஆதாரில் சேர்த்து எழுதியிருப்பார், பாங்க் பாஸ்புக்கில் பிரித்து இருக்கும். ஒரு சீசனில் எங்கள் பதிவேட்டில் ஒரே விவசாயிக்கு இரண்டு பக்கம் விழுந்தது. முன்பணம் வாங்கியபோது பெயர் பிரித்து எழுதப்பட்டிருந்தது. காய் இறக்கியபோது எடைமேடைப் பையன் சேர்த்து எழுதிய பெயரைத் தேடினான், இல்லை. புதுப் பக்கம் போட்டுவிட்டான். பில் தீர்க்கும்போது அந்த இரண்டாவது பக்கத்தில் முன்பணமே இல்லை, முழுத்தொகையும் போய்விட்டது. அவர் நல்ல மனிதர், அடுத்த வாரம் அவரே வந்து சொன்னார். எல்லோரும் அப்படி இருப்பார்களா?

பையன் மேல் தப்பில்லை. வரிசையைப் பாருங்கள் (பெயர்கள் உதாரணத்துக்கு நானே போட்டவை). சொல்வாரியில் இப்படி வரும்:

```
மணி, சு.
மணி மாறன், க.
மணி மேகலை, ரா.
மணிகண்டன், அ.
மணிமாறன், பெ.
மணிமேகலை, த.
மணியம்மாள், கோ.
```

இங்கே ஏழு பேர்தான். நிஜப் பதிவேட்டில் மணிகண்டன்கள் மட்டுமே பல பக்கம். பிரித்து எழுதிய மாறனுக்கும் சேர்த்து எழுதிய மாறனுக்கும் நடுவில் அத்தனை மணிகண்டன்களும் உட்கார்ந்திருப்பார்கள். வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது யார் திருப்பிப் பார்ப்பார்கள்? எழுத்துவாரியில் அதே ஏழு பேர்:

```
மணி, சு.
மணிகண்டன், அ.
மணி மாறன், க.
மணிமாறன், பெ.
மணிமேகலை, த.
மணி மேகலை, ரா.
மணியம்மாள், கோ.
```

இரண்டு மாறனும் அடுத்தடுத்து வந்துவிட்டார்கள். பிரித்தாரா சேர்த்தாரா என்பது பொருட்டே இல்லை, இனிஷியல்தான் வரிசையைத் தீர்மானிக்கிறது. ஒரே ஆள் இரண்டு முறை இருந்தால் கண்ணில் குத்தும்.

ஆனால் இதற்கு மாறிய முதல் சீசனில் நானே ஒரு குழி வெட்டி விழுந்தேன். இடைவெளியை எல்லாம் தூக்கிவிட்டால் எழுத்துவாரி ஆகிவிடும் என்று நினைத்து, பெயர்ப் பத்தியை நகல் எடுத்து, அதிலிருந்த இடைவெளி அத்தனையையும் நீக்கி, அதை வைத்து அடுக்கினேன். அப்போது பட்டியலில் காற்புள்ளி கிடையாது, 'மணி சு.' என்றுதான் இருந்தது. விளைவு, 'மணி சு.' என்பது 'மணிசு' ஆகி மணிகண்டனுக்குக் கீழே போனது. 'மணி வே.' என்பவர் மணியம்மாளையும் தாண்டி இறங்கிவிட்டார். வெறும் மணி என்று பெயர் உள்ளவர்கள் இனிஷியல் வாரியாகப் பட்டியல் முழுக்கச் சிதறிவிட்டார்கள். எழுத்துவாரி சரியாக நடந்திருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் எனக்கு இதுதான் சோதனை: ராஜாக்கள் எல்லோரும் ராஜாராமனுக்கு முன்னால் ஒரே கூட்டமாக நிற்கிறார்களா?

காரணம் எளிது. நம் பட்டியலில் இடைவெளி இரண்டு வேலை செய்கிறது. 'மணி மாறன்' நடுவில் இருப்பது பெயருக்கு உள்ளே இருக்கும் இடைவெளி, அதை விடலாம். 'மணி சு.' நடுவில் இருப்பது பெயர் முடிந்தது என்று சொல்லும் இடைவெளி, அதை விடக்கூடாது. எழுத்துவாரி முறையின் விதியும் காற்புள்ளி வரைக்கும்தான் ஓட்டி வாசிக்கச் சொல்கிறது. அங்கே நின்று, அதுவரை உள்ளது சமமாக இருந்தால் மட்டுமே அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். ஆக, இனிஷியலுக்கு முன்னால் காற்புள்ளி போட்டே தீர வேண்டும். மூவாயிரம் வரியில் அதைப் போட்டு முடிக்க எனக்கு ஒரு முழு மழைக்காலம் ஆனது.

அப்புறம் வேலை சுலபம். பெயர் A பத்தியில் என்றால், B-யில் காற்புள்ளிக்கு முந்தியதை இடைவெளி இல்லாமலும், C-யில் மீதியையும் எடுக்கிறேன்:

```
B2: =SUBSTITUTE(LEFT(A2,FIND(",",A2&",")-1)," ","")
C2: =TRIM(MID(A2,FIND(",",A2&",")+1,50))
```

முதலில் B, சமமானால் C என்று இரண்டு நிலையாக சார்ட். A2-வின் வாலில் ஒரு காற்புள்ளியை ஒட்டியிருப்பது, காற்புள்ளி இல்லாத பெயரில் பிழைச் செய்தி வராமல் இருக்க. அதற்குப் பிறகும் ஏதாவது ஒரு பெயர் அடம் பிடித்துத் தப்பான இடத்தில் நின்றால், அது இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய பெயராக இருக்கும். கண்ணுக்கு இடைவெளி மாதிரித் தெரிவது உள்ளே வேறு குறி. அந்த இடைவெளியை அழித்துவிட்டுக் கையால் மறுபடி தட்டினால் சரியாகிவிடும்.

அலுவலகங்கள், வங்கிகள் பட்டியலை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறோம். அதில் வித்தியாசம் இன்னும் வேடிக்கை. சொல்வாரியில்:

```
Tamil Nadu Agricultural University
Tamil Nadu Grama Bank
Tamil University
Tamilnad Mercantile Bank
Tamilnadu Petroproducts
```

ஒரே மாநிலத்தின் பெயரை ஒருவர் இரண்டு சொல்லாகவும், ஒருவர் ஒரே சொல்லாகவும், ஒருவர் கடைசி எழுத்தை விட்டும் பதிவு செய்திருக்கிறார்கள். நடுவில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் புகுந்து இரண்டு கூட்டத்தையும் பிரிக்கிறது. எழுத்துவாரியில் மெர்க்கன்டைல் வங்கி முதலிடத்துக்கு வரும், ஏனென்றால் Tamilnad என்பதற்குப் பிறகு அதற்கு M, மற்றவற்றுக்கு u. அடுத்து விவசாயப் பல்கலைக்கழகம், கிராம வங்கி, பெட்ரோபுராடக்ட்ஸ் மூன்றும் வரிசையாக வரும். தமிழ்ப் பல்கலைக்கழகம் கடைசிக்குப் போய்விடும். கடித உறையில் பார்த்த எழுத்து நினைவில்லாமல் தேடுகிறவருக்கு இதுதான் வசதி.

வெளிநாட்டு வாங்குவோர் பட்டியலில் டச்சுக் குடும்பப் பெயர்கள் உண்டு, ராட்டர்டாம் துறைமுகத்துக்குப் போகும் சரக்கின் புண்ணியம். Van Beek, Van den Berg, Vance, Vandenberg என்பது சொல்வாரி வரிசை. எழுத்துவாரியில் Vance இரண்டாவது இடத்துக்கு ஏறி, Van den Berg-உம் Vandenberg-உம் ஒட்டி நிற்கும். இங்கேயும் லாபம்தான். ஆனால் நெதர்லாந்தில் Van den என்ற முன்னொட்டையே விட்டுவிட்டு B-யில் அடுக்குவார்கள். பெல்ஜியத்தில் அதே பெயர் V-யில். எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது என்ற அந்தக் கேள்விக்கு இரண்டு முறையிலும் பதில் இல்லை. எங்களுக்கு எடைமேடைப் பையனுக்குப் புரிய வேண்டும், அதனால் எல்லாம் V-யிலேயே இருக்கிறது.

எழுத்துவாரி தீர்க்காத விஷயம் நம் சந்தி. 'முத்து குமார்', 'முத்துகுமார்' இரண்டும் சேர்ந்துவிடும், ஆனால் 'முத்துக்குமார்' தனியாகத்தான் நிற்கும். இடையில் வருவது வெறும் இடைவெளி இல்லை, ஒரு க் என்ற எழுத்தே கூடிவிட்டது. அது மேலே நிற்குமா கீழே நிற்குமா என்பது மென்பொருளைப் பொறுத்தது. தமிழ் மரபில் க் முதலில், க பிறகு. யூனிகோடு அட்டவணையிலோ புள்ளிக்குறி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் 'தமிழகம்' என்பதைத் 'தமிழ்' என்பதற்கு முன்னால் வைக்கும். இந்த இரண்டு சொல்லைத் தட்டி சார்ட் கொடுத்துப் பார்த்தால் உங்கள் மென்பொருள் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். முத்துக்குமார்களுக்கு நான் 'முத்துகுமார் காண்க' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன், வேறு வழி கிடைக்கவில்லை.

சொல்வாரிக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அது மன்னிக்கும் முறை. காற்புள்ளி போடாத பட்டியலைக் கொடுத்தாலும் மணிகளை மணிகண்டனுக்கு முன்னால் ஒழுங்காக நிறுத்திவிடும். எழுத்துவாரி அப்படி விடாது, ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் அந்த ஆள் காணாமல் போவார். அதனால் பலர் கை வைக்கும் பட்டியல்களை, உதாரணமாக சீசன் கூலியாட்கள் வருகைப் பட்டியலை, இன்னும் பழைய முறையிலேயே விட்டிருக்கிறேன். விவசாயிகள் பதிவேடு மட்டும் எழுத்துவாரியில், புதுப் பெயரை நான் ஒருத்தன் மட்டும் ஏற்றுவது என்ற கட்டுப்பாட்டோடு ஓடுகிறது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறேன்: 'இடைவெளியை விட்டுவிட்டுத் தேடவும்.' போன சீசனில் இரட்டைப் பக்கம் ஒன்றே ஒன்று விழுந்தது. ஒரு முத்துக்குமார்.